வெயிலுக்கு மட்டும் அசைந்த எண்

என் ப்ரோகிராமில் அவன் ஒரு வரியைக்கூட மாற்றவில்லை. இதை அவனே என்னிடம் சொன்னான், ஏதோ எனக்குச் செய்த உபகாரம் மாதிரி. இன்றைக்கும் அதை நினைத்தால் பற்றிக்கொண்டு வருகிறது. மாற்றியிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காதோ என்று சில நாள் தோன்றும். அதுவும் பொய்தான், வந்திருக்கும்.

நாங்கள் இருவரும் தஞ்சாவூரில் ஒரே கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள். படிப்பு முடிந்து நான் சென்னையில் ஒரு கம்பெனியில் சில காலம் குப்பை கொட்டினேன். அலுத்துப்போய் ஊர் திரும்பியபோது அவன் ஒரு மருந்துக்கடையின் மாடியில் அறை எடுத்து, மோட்டார் ஸ்டார்ட்டர்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். சேர்ந்து ஏதாவது செய்யலாம் என்றான். அவனுக்குக் கை வேலை. பெட்டி செய்வது, துளை போடுவது, நீர் புகாமல் அடைப்பது எல்லாம் அவ்வளவு நறுவிசாக இருக்கும். எனக்குக் கோடு, அதாவது ப்ரோகிராம், எழுதுவது. ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை என்பது எங்களுக்குள் பேசாமலே ஏற்பட்ட ஏற்பாடு.

தண்ணீர் மட்டத்தை அளக்கும் மீட்டர் யோசனை என் அண்ணனால் வந்தது. எங்கள் அப்பா வாய்க்காலின் மேல்பக்கத்து ஊர்களில் கூலிக்கு நாற்று நட்டவர், அறுத்தவர். அண்ணன் கஷ்டப்பட்டுச் சொந்தமாக நிலம் வாங்கினார். ஆனால் எங்களைப் போன்றவர்களுக்கு மேல்பக்கத்தில் யார் நிலம் விற்பார்கள்? அதே வாய்க்காலின் கடைசியில், திருத்துறைப்பூண்டிப் பக்கம், தண்ணீர் வந்தால் உண்டு வராவிட்டால் இல்லை என்கிற கடைமடையில்தான் கிடைத்தது. ஆற்றில் தண்ணீர் குறைவாக இருக்கும் காலத்தில் வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்து விடுவார்கள். எங்கள் வாய்க்காலின் முறை வரும்போதும் மேலே இருப்பவர்கள் இன்ஜின் வைத்து இழுத்துவிட்டால் கடைமடைக்கு வருவது ஈரம் மட்டும்தான்.

அதற்குக் கடைமடைக்காரர்கள் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். முறை தொடங்கியதும் ஒருவர் வண்டி எடுத்துக்கொண்டு நடுவழியில் இருக்கும் மதகு வரை போய்ப் பார்த்துவிட்டு வருவார். அங்கே மட்டம் இறங்கியிருந்தால் மேலே யாரோ இழுக்கிறார்கள் என்று அர்த்தம். உடனே ஊரே ஒரு லோடு வேனில் ஏறிப் போய், அந்த மதகடியில் உட்கார்ந்துவிடும். சத்தம் போடுவது, சண்டை போடுவது எதுவும் கிடையாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போய் உட்கார்ந்திருப்பார்கள். இன்ஜின்கள் ஒவ்வொன்றாக நிற்கும், தண்ணீர் வரும். அங்கே மட்டம் நன்றாக இருந்தும் கீழே தண்ணீர் வராவிட்டால், மதகுக்குக் கீழே எங்கோ ஆகாயத்தாமரை அடைத்திருக்கிறது என்று அர்த்தம். அப்போது எல்லோரும் வாய்க்காலில் இறங்கி வாருவார்கள்.

போய்ப் பார்க்கிற அந்த வேலையைத்தான் எங்கள் மீட்டர் எடுத்துக்கொண்டது. மதகின் பக்கச் சுவரை ஒட்டி, தண்ணீருக்குள் இறங்குகிற மாதிரி, தோள் வரை கை நுழைகிற அகலத்தில் ஒரு பிவிசி குழாய். அதன் தலையில் கீழ்நோக்கிப் பார்க்கும் ஒரு அல்ட்ராசோனிக் சென்சார். அது காதுக்குக் கேட்காத ஒலியைச் சின்னதாக ஒரு தடவை கீழே அனுப்பும். அனுப்பியதும் அதன் எக்கோ கம்பியில் மின்னழுத்தம் ஏறும். ஒலி தண்ணீரில் பட்டுத் திரும்பி வந்ததும் இறங்கும். ஏறியதற்கும் இறங்கியதற்கும் நடுவில் இருக்கும் நேரம்தான் ஒலி போய்வந்த நேரம். அதை ஒலியின் வேகத்தால் பெருக்கிப் பாதியாக்கினால் தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.

அந்த நேரத்தை அளப்பதுதான் என் வேலை. மீட்டரின் மூளையான மைக்ரோகன்ட்ரோலருக்குள் ஒரு டைமர், மைக்ரோசெகண்டுக்கு ஒன்றாக எண்ணிக்கொண்டே ஓடும். எக்கோ ஏறும் கணத்தில் ஹார்ட்வேரே அந்த எண்ணைப் பிடித்துத் தனியாக வைத்துவிடும். இறங்கும் கணத்தில் இன்னொரு எண்ணைப் பிடிக்கும். இதற்கு இன்புட் கேப்ச்சர் என்று பேர். பேருந்து நிலையத்து டைம் கீப்பர் பஸ் உள்ளே வந்த நேரத்தையும் வெளியே போன நேரத்தையும் குறித்துக்கொள்வாரே, அப்படி. என் ப்ரோகிராம் அந்த நேரத்தில் மெசேஜ் அனுப்பிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, பிடித்துவைத்த எண் கெடாது. பின்னால் சாவகாசமாக ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்துக்கொள்ளலாம். அந்தக் கழித்தலில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

முதலில் வைத்தபோது மீட்டர் தண்ணீரையே பார்க்கவில்லை. எப்போதும் ஒரே குறைந்த தூரத்தையே காட்டியது. இருவரும் தலையைப் பிய்த்துக்கொண்டோம். கடைசியில் பார்த்தால், குழாயில் இரண்டு துண்டுகளைச் சேர்த்த இடத்தில் உள்பக்கம் மெல்லிய விளிம்பு நீட்டிக்கொண்டிருந்தது. ஒலி அதிலேயே பட்டுத் திரும்பிவிட்டது. அவன் அந்தக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டு இணைப்பே இல்லாத ஒரே நீளக் குழாயாக வாங்கிவந்து போட்டான். டீக்கடையில் உட்கார்ந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். சென்சாருக்குத் தண்ணீர் எது பிளாஸ்டிக் எது என்று தெரியாது, முதலில் எதிரே எது நிற்கிறதோ அதைத்தான் தண்ணீர் என்று சொல்லும் என்று அன்றைக்குக் கற்றுக்கொண்டோம். இருவரும் கற்றுக்கொண்டோம், அதுதான் விஷயம்.

வெப்பத்துக்குத் திருத்தம் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்ததும் அவன்தான். காற்று சூடானால் ஒலி வேகமாகப் போகும், அதே தூரத்துக்கு நேரம் குறையும். மத்தியானத்தில் தண்ணீர் ஏறிவிட்டது போலக் காட்டும், கடைமடைக்காரர்கள் ஏமாந்துபோவார்கள் என்றான். குழாய்க்குள் ஒரு வெப்பமானியும் வைத்து நான் அந்தத் திருத்தத்தை எழுதினேன். ஏமாந்துபோவார்கள் என்று எவ்வளவு அக்கறையாகச் சொன்னான்.

மீட்டர் வந்த பிறகு கடைமடையில் யாரும் வண்டி எடுத்துக்கொண்டு போவதில்லை. ஒவ்வொரு மணிக்கும் எல்லோருடைய போனுக்கும் மட்டம் எவ்வளவு என்று மெசேஜ் வந்துவிடும். அண்ணன் அதை டீக்கடையில் மற்றவர்களுக்குக் காட்டி, என் தங்கச்சி செஞ்சது என்று சொல்வார். என் எதிரே சொல்லமாட்டார். அடுத்தவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அந்த வருஷம் குறுவை நெல் தொண்டைக்கதிர் பருவத்தில் இருந்தது. கதிர் இன்னும் தோகைக்குள்ளேயே இருக்கும் நேரம் அது. அப்போது தண்ணீர் இல்லாவிட்டால் அந்தப் பயிர் எழுந்திருக்காது. எங்கள் முறை தொடங்கியது. மீட்டர், மட்டம் முழுசாக இருக்கிறது என்றது. அதாவது சென்சாரிலிருந்து அறுபது சென்டிமீட்டர் கீழே தண்ணீர் நிற்கிறது. ஆனால் கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை. அப்படியென்றால் ஆகாயத்தாமரைதான் என்று எல்லோரும் வாய்க்காலில் இறங்கினார்கள். காலையில் இறங்குவார்கள், பொழுது சாயும்போது ஏறுவார்கள். ஒரு வளைவைச் சுத்தம் செய்ததும் அடுத்த வளைவில்தான் அடைப்பு என்று நினைத்தார்கள். போனைப் பார்ப்பார்கள், மட்டம் முழுசு என்றிருக்கும், மறுபடியும் இறங்குவார்கள்.

அண்ணன் போன் செய்தார். குரலில் குறை எதுவும் இல்லை, சந்தேகம் மட்டும்தான். மீட்டரை ஒருதரம் பார்க்கச் சொன்னார். நான் அவனிடம் சொன்னேன். தானே மதகுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி பைக்கை எடுத்துக்கொண்டு போனான். திரும்பி வந்து ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் சொன்னான்.

"தண்ணி ஜம்முனு நிக்குது. இருந்தாலும் உன் ப்ரோகிராம ஒரு தடவ பாத்துரு. டைமர் சுத்தி வர்ற எடத்துல கழித்தல் எங்கயாவது இடிக்குதான்னு பாரு."

நான் பார்த்தேன். அந்த டைமர் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் வரை எண்ணிவிட்டு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஏறிய எண் பூஜ்யத்துக்கு முன்னாலும் இறங்கிய எண் அதற்குப் பின்னாலும் விழுந்தால், பார்வைக்குச் சிறியதிலிருந்து பெரியதைக் கழிப்பது போலத் தெரியும். ஆனாலும் ப்ளஸ் மைனஸ் குறியில்லாத எண்ணாகக் கழித்தால் விடை சரியாகவே வரும். எக்கோ ஏறி இறங்கும் துடிப்பு ஒரு சுற்றுக்குள் முடிந்தால் போதும். எங்கள் சென்சாரின் துடிப்பு அந்தச் சுற்றில் பாதியைத் தாண்டுவதே அபூர்வம். இதெல்லாம் எனக்குத் தூக்கத்தில் கேட்டாலும் தெரியும். இருந்தும் நண்பன் சொல்கிறானே என்று சந்தேகப்பட்டேன். மேஜையில் இன்னொரு சென்சாரை வைத்து, எதிரே பலகையை நிறுத்தி, டேப் பிடித்து அளந்தேன். சரியாக வந்தது. ஏறும் கணத்தைப் பிடித்தபின் இறங்கும் கணத்துக்கு மாறுகிற வரியை மாற்றி மாற்றி எழுதிப் பார்த்தேன். அதுவும் சரி. கீழே பக்கெட்டில் தண்ணீர் வைத்துப் பார்த்தேன். அவன் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து ஸ்டார்ட்டர் பிரித்துக்கொண்டிருந்தான். எனக்கு டீகூட வாங்கிவந்து கொடுத்தான்.

நான் என்னைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்த அந்த நேரமெல்லாம் அண்ணன் இடுப்பளவு சேற்றில் நின்றுகொண்டிருந்தார்.

கோட்டில் பிழை இல்லை என்று நிச்சயமானதும் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு காலையில் பஸ் ஏறினேன். அவனிடம் சொல்லவில்லை. சந்தேகத்தால் இல்லை, அவன் இன்னும் வந்திருக்கவில்லை. மதகில் இறங்கியதும் முதலில் சுவரைப் பார்த்தேன். முழு மட்டத்தைக் காட்டும் பாசிக்கோடு காய்ந்து வெளுத்திருந்தது. தண்ணீர் அதற்கு முழங்கால் அளவு கீழே கிடந்தது. ஜம்முனு நிற்கிறது என்று அவன் சொன்ன தண்ணீர். கொஞ்சம் மேலே எங்கோ இன்ஜின் ஓடும் சத்தம் கேட்டது.

அப்போதும் என் புத்தி அவன் பக்கம் போகவில்லை. அவன் வந்து பார்த்த பிறகு இறங்கியிருக்கும் என்று நினைத்தேன். குழாய்க்குள் குளவி கூடு கட்டியிருக்கும் என்று நினைத்தேன். லேப்டாப்பை இணைத்து, கணக்குப் போடுவதற்கு முன்னால் வரும் எண்ணையே நேராகத் திரையில் ஓடவிட்டேன். மூவாயிரத்து நானூற்று ஐம்பத்தொன்பது. மறுபடியும் அதுதான். ஒன்று கூடும், ஒன்று குறையும், திரும்ப அங்கேயே வந்து நிற்கும்.

தண்ணீரின் எண் அப்படி இருக்காது. ஒரு மில்லிமீட்டர் அசைந்தால் ஆறு எண்ணிக்கை மாறும். காற்றடித்தாலும் மாடு இறங்கினாலும் அது நடுங்கிக்கொண்டே இருக்கும், பக்கெட்டில்கூட நடுங்கும். போனுக்குப் போகும் மெசேஜில் சென்டிமீட்டராக முழுமையாக்கி அனுப்புவதால் அந்த நடுக்கம் யாருக்கும் தெரியாது. ஒரு கழியை எடுத்துக் குழாயின் அடிப்பக்கத்தில் தண்ணீரை நன்றாகக் கலக்கினேன். எண் அசையவில்லை.

குழாயைத் திறக்கும் சாவி என் பையில் இருந்தது. ஒன்று என்னிடம், ஒன்று அவனிடம். திறந்து பார்த்திருக்கலாம். மனம் வரவில்லை. வேறு காரணம் ஏதாவது கிடைக்குமா என்று மதகுச் சுவரில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக யோசித்தேன். ப்ரோகிராம் எங்கோ மாட்டிக்கொண்டு பழைய எண்ணையே திரும்பத் திரும்பச் சொல்கிறதோ? வயரில் ஏதாவது கோளாறோ? அப்படி இருந்தால் நன்றாக இருக்கும் என்று வேண்டிக்கொண்டேன் என்றே சொல்லலாம். பிழை என்னுடையதாக இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டது வாழ்க்கையில் அன்றைக்கு மட்டும்தான்.

வெயில் ஏறியது. எண் மெல்ல இறங்க ஆரம்பித்தது. ஐம்பது, நாற்பது, முப்பது என்று கடைசி இலக்கங்கள் கரைந்து, உச்சிவேளையில் மூவாயிரத்து நானூறுக்கு வந்தது. ஒரு தடவைகூட நடுங்கவில்லை. வெப்பத் திருத்தம் போட்ட தூரம் மட்டும் அறுபது, அறுபது, அறுபது என்று நின்றது. மாட்டிக்கொண்ட ப்ரோகிராமாக இருந்தால் எண் வெயிலுக்கு இறங்காது. தண்ணீராக இருந்தால் இவ்வளவு அமைதியாக இறங்காது. ஒலி நிஜமாகவே காற்றில் போய், நிஜமான ஏதோ ஒரு கெட்டியான பொருளில் பட்டு, நிஜமாகவே திரும்பி வந்துகொண்டிருந்தது. என் கோடு அதைச் சரியாக அளந்துகொண்டிருந்தது.

திறந்தேன். போன் டார்ச்சை உள்ளே அடித்தேன். குழாயின் உள்ளளவுக்குக் கச்சிதமாக வட்டமாய் அறுத்த ஒரு அக்ரிலிக் வில்லை. நாங்கள் பெட்டி செய்ய வாங்கிய அதே வெள்ளை அக்ரிலிக். விளிம்பெல்லாம் அரம் போட்டு வழுவழுப்பாக்கியிருந்தது. சுற்றிலும் நீர் புகாமல் அடைக்கிற சிலிக்கான் பசை. சோப்புத் தண்ணீரில் விரலைத் தொட்டு அதை ஒரே இழுப்பில் வழித்துவிடுவது அவன் பழக்கம். வேறு யார் அடைத்தாலும் திட்டுத்திட்டாக இருக்கும். ஊரில் யார் செய்திருந்தாலும் ஒரு கல்லைப் போட்டோ துணியை அடைத்தோ கெடுத்திருப்பார்கள். இவன் அறுபது சென்டிமீட்டருக்கு அளந்து வைத்திருந்தான். அழகாக வைத்திருந்தான். அந்த அழகைப் பார்த்துத்தான் எனக்கு அழுகை வந்தது.

இன்ஜின் சத்தம் வந்த திசையில் நடந்தேன். அவனுடைய தாய்மாமன் நிலம். அந்த வீட்டுப் பெண்ணைத்தான் அவனுக்குப் பேசி முடித்திருந்தார்கள். குழாய் வாயிலிருந்து தண்ணீர் கொட்டி, வயல் நிரம்பி, அடுத்த வயலுக்கு வழிந்துகொண்டிருந்தது.

மாடி அறைக்குத் திரும்பி, பெயர்த்தெடுத்த வில்லையை அவன் மேஜையில் வைத்தேன். அவன் அதைப் பார்த்தான். இல்லை என்று சொல்லுவான் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. ஒரே ஒரு முறைக்குத்தான் கேட்டார்கள், முடிந்ததும் எடுத்துவிடுவதாக இருந்தான், மாமனுக்கு முடியாது என்று சொல்ல முடியவில்லை, கல்யாணத்தைப் பேசி முடித்த வீடு, எனக்கு இதெல்லாம் புரியாது என்று ஏதேதோ சொன்னான். அதற்குப் பிறகுதான் அதைச் சொன்னான்.

"உன் ப்ரோகிராமைத் தொட்டேனா? ஒரு வரி தொடல. உன் வேலையில நான் கைய வைக்கவே இல்ல."

"கழித்தல் இடிக்குதான்னு என்னைப் பாக்கச் சொன்னியே," என்றேன்.

அவன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைத் துடைத்து வைத்தான். என் லேப்டாப்பையும் மீட்டர் சாமான்களையும் ஒரு அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அந்த மாடிக்கு அப்புறம் நான் போகவில்லை. கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது. என்ன தைரியம் பாருங்கள்.

அன்று சாயங்காலமே கடைமடைக்குப் போனேன். வாய்க்கால் கரை முழுக்க வாரிப் போட்ட ஆகாயத்தாமரை மலை மலையாக வாடிக் கிடந்தது. அண்ணன் கரையில் உட்கார்ந்து கைகளைச் சொறிந்துகொண்டிருந்தார். முழங்கை வரை தடித்துப்போயிருந்தது. சொன்னேன். வில்லை, மாமன், இன்ஜின் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார், வேனைக் கூப்பிடுவார் என்று நினைத்தேன். முறை அன்றைக்கு முடிகிறது. இனி மதகில் போய் உட்கார்ந்து யாரிடம் என்ன கேட்பது?

"மேல உள்ளவங்க இழுக்கறது எங்களுக்குப் புதுசாம்மா? எத்தன வருசமா இழுக்கறாங்க. போயி உக்காந்தா நிறுத்திடுவாங்க," என்றார். கொஞ்ச நேரம் சொறிந்துகொண்டிருந்தார். "உன் மீட்டரு இருக்குன்னுதான் போவாம இருந்தோம்."

அப்புறம் வீட்டுக்கு வந்து சாப்பிடச் சொன்னார்.

அறுப்புக்கு முன்னால் ஒருநாள் வயலைப் பார்க்கப் போனேன். மணி பிடித்த கதிர் தலையைத் தொங்கப்போட்டுக்கொள்ளும். அண்ணன் வயலில் கதிரெல்லாம் விறைப்பாக நிமிர்ந்து நின்றது. ஒன்றை உருவிக் கசக்கி ஊதினேன், உள்ளங்கையில் ஒன்றும் மிஞ்சவில்லை.

மீட்டரை நானே தனியாகத் திரும்ப அமைத்தேன். குழாயின் பூட்டை மாற்றினேன். அந்த நடுக்கத்தையும் இப்போது கணக்கில் எடுக்கிறேன். எண் சிறிது நேரம் நடுங்காமல் இருந்தால் மட்டத்தைச் சொல்லாதே, சந்தேகம் என்று மட்டும் சொல் என்று ப்ரோகிராமில் எழுதிவிட்டேன். சுவரில் தொங்கவிட்ட டேப்பும் மெசேஜும் இன்றுவரை ஒத்துப்போகின்றன. யார் வந்து சோதித்தாலும் குறை சொல்ல முடியாது.

இந்த வருஷம் முறை தொடங்கிய அன்று நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். மணி அடித்தாற்போல் அவர் போனுக்கு மெசேஜ் வந்தது, மட்டம் முழுசு. என் எதிரிலேயே வந்தது. அண்ணன் போனை எடுத்துப் பார்த்தார், சட்டைப் பையில் போட்டுக்கொண்டார், ஆணியில் தொங்கிய வண்டிச் சாவியை எடுத்தார்.

"சும்மா, மதகு வரைக்கும் ஒரு எட்டுப் போயி பாத்துட்டு வந்துர்றேன்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.